பலராமன் கையைத் தூக்கினால்

பழக்கம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உடற்கல்வி முதுகலைக்கு நான் எழுதிய ஆய்வே அதைப் பற்றியதுதான். ஒரு விளையாட்டில் உடம்பு கற்றுக்கொண்டது அடுத்த விளையாட்டில் எப்போது கைகொடுக்கும், எப்போது காலை வாரும் என்று நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதி, கறுப்பு அட்டை போட்டு, பொன்னிற எழுத்தில் கலையரசி என்று பெயரும் பொறித்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் யாராவது ஆசிரியர் என் பாடத்தைக் கிண்டல் செய்தால் அந்த அட்டையைத்தான் நினைத்துக்கொள்வேன். இப்போது அது பீரோவுக்கு மேலே, பழைய பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. மார்ச் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதை நான் தொடவில்லை.

அதில் எழுதியதெல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. எல்லாமே சரிதான். எனக்கே நடந்ததுதான். பன்னிரண்டு வயதிலிருந்து பேட்மின்டன் ஆடியவள் நான். கல்லூரியில் டென்னிஸ் அணிக்கு ஆள் குறைகிறது என்று என்னை இழுத்துப் போட்டார்கள். சர்வீஸ் போடுவது இரண்டே வாரத்தில் வந்துவிட்டது, ஏனென்றால் தலைக்கு மேல் வீசும் அசைவு இரண்டிலும் ஒன்றுதான்: இடுப்பு முதலில் திரும்பும், அப்புறம் தோள், அப்புறம் முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. எதிராளி அடிக்கும் நேரம் பார்த்து லேசாகத் துள்ளி நிற்கிற காலும் அப்படியே உதவியது. ஆனால் பந்து இடுப்புயரத்தில் வந்தால் தொலைந்தேன். இறகுப் பந்தைச் சுண்டிச் சுண்டிப் பழகிய மணிக்கட்டு, டென்னிஸ் பந்தையும் சுண்டும். பந்து வேலியைத் தாண்டிப் போகும். டென்னிஸில் அந்த அடிக்கு மணிக்கட்டு உறுதியாக நிற்க வேண்டும், தோளும் உடம்பும்தான் வீச வேண்டும். மாதக்கணக்கில் பழகி மாற்றிக்கொண்டேன். மாறிவிட்டது என்று நம்பினேன். பல்கலைக்கழகப் போட்டியில், கடைசி செட்டில், ஐந்துக்கு ஐந்து என்று இருந்தபோது, மணிக்கட்டு திரும்பவும் சுண்டியது.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. பழசு அழிவதில்லை. அதன் மேல் புதுசைப் பூசுகிறோம், அவ்வளவுதான். பதற்றம் வந்தால் பூச்சு உரிந்துவிடும். இதை ஆய்வில் நாற்பதாம் பக்கத்தில் நான்தான் எழுதினேன். எழுதியவளே பிறகு அதை மறந்தாள்.

என் கணவர் முத்துவேல் எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையான மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. தொழிற்பேட்டை அணிகளுக்குள் நடக்கும் கிரிக்கெட்டில் அவர் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும், மட்டையால் இல்லை, கையால். கவர் பக்கம் நின்று பந்தைப் பொறுக்கி விட்டெறிந்தார் என்றால் எதிரணிக்காரன் இரண்டாவது ரன்னை நினைக்கவே மாட்டான். அந்த எறி போய்ச் சேருகிற இடம் பலராமன் அண்ணன். விக்கெட் கீப்பர். அதே தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டுபவர், இவரைவிட நாலு வயது மூத்தவர்.

பதினோரு வருடமாக அவர்களுக்குள் ஒரு வழக்கம். முத்துவேல் பந்தை எடுத்ததும் ஸ்டம்ப் எங்கே என்று பார்க்க மாட்டார். பலராமன் அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ‘வா’ என்று ஒரே ஒரு சத்தம் கொடுப்பார். அந்தச் சத்தம் வந்த திசைக்குப் பந்து போகும். எத்தனை பேர் கத்தினாலும் முத்துவேலின் காதில் அந்த ஒரு குரல்தான் விழும். இதை வைத்து நான் இரண்டு பேரையும் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். நான் கூப்பிட்டால் மூன்று தடவைக்குத் திரும்பாத மனுஷன், பலராமன் அண்ணன் ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்பேன்.

போன வருடம் ஜூலையில் அந்த அறிவிப்பு வந்தது. அரசுத் துறை ஒன்றில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் ஒன்பது வேலை. கிரிக்கெட்டுக்கு இடமில்லை. ஈட்டி எறிதல், ஆண்கள், ஒரு இடம். தேர்வு மார்ச்சில். குறைந்தபட்சம் ஐம்பத்தெட்டு மீட்டர், மூன்றே வாய்ப்பு. வயது வரம்பு முப்பது. முத்துவேலுக்கு ஏப்ரலில் முப்பது முடிகிறது. அவருடைய அப்பாவும் அண்ணனும் கடலில் படகு ஓட்டி உடம்பைத் தேய்த்தவர்கள். அந்த வீட்டில் ஒருவர் மாதச் சம்பளத்துக்கு, அதுவும் நிரந்தரமாகப் போவது என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. இது போனால் இன்னொன்று இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஈட்டியை நான்தான் எடுக்கச் சொன்னேன். கிரிக்கெட்டில் நன்றாக எறிகிறவன் ஈட்டியையும் எறிவான் என்று என் ஆய்வே சொல்கிறது, முதல் நாள் பாருங்கள் என்றேன். பள்ளி மைதானத்தில் முதல் நாளே நாற்பத்திரண்டு மீட்டர் போனது. ஓடிவந்து இடது காலைச் சுவர் போல ஊன்றி நிற்கிற அந்த நிறுத்தம், இடுப்பு முந்திப் போய்த் தோளை இழுக்கிற வரிசை, கையின் வேகம், எல்லாமே அவருக்குள் தயாராக இருந்தது. பதினோரு வருடப் பழக்கம் சும்மா கிடைத்த சொத்து. அன்று நான் தரையில் நிற்கவில்லை, மிதந்தேன்.

காலை வாரும் பாகம் இரண்டாவது வாரத்தில் வந்தது. பந்தைக் கவர் பக்கத்திலிருந்து எறிபவனுக்கு நேரம் கிடையாது. கையைப் பின்னால் நீட்ட மாட்டான். முழங்கையை மடக்கி, தோளுக்குக் கீழே இறக்கி, பக்கவாட்டில் சுற்றி, மணிக்கட்டால் சுண்டி விடுவான். பந்து உருண்டை, எந்தப் பக்கம் தள்ளினாலும் பறக்கும். ஈட்டி அப்படி இல்லை. கை முழுசாகப் பின்னால் நீண்டிருக்க வேண்டும், உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும், முழங்கை தோளுக்கு மேலே வந்து, தள்ளுகிற பலமெல்லாம் ஈட்டியின் நீளத்தோடு அதன் முனை வழியாகப் போக வேண்டும். சுற்றி எறிந்தால் வால் ஆடும், தூரம் போகாது, இடது பக்கம் இழுக்கும். முழங்கையின் உள்பக்கத் தசைநாரும் தாங்காது. இன்னொன்று, கிரிக்கெட்காரன் ஒருவனைப் பார்த்து எறிவான், தாழ எறிவான். ஈட்டிக்காரன் வானத்தைப் பார்த்து எறிய வேண்டும்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன, இரும்புக் குண்டு எறியும் பெத்தாங் ஆட்டத்தில்கூட இதைப் பார்க்கலாம். கிரிக்கெட் ஆடுகிறவன் இரும்புக் குண்டைக் கையில் எடுத்தால் உள்ளங்கையை மேலே காட்டித்தான் போடுவான், குண்டு தரையில் விழுந்து உருண்டு ஓடிவிடும். நாளெல்லாம் அதே ஆட்டம் ஆடுகிற பெரியவர்கள் உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, பின்னோக்கிச் சுழலவிட்டுப் போடுவார்கள், விழுந்த இடத்தில் நிற்கும்.

ஓடவே விடாமல் நின்ற இடத்திலிருந்து எறிய வைத்தேன். துண்டை முடிச்சுப் போட்டு வீசச் சொன்னேன். எங்கள் கருவடிக்குப்பம் வீட்டு மொட்டை மாடியில் காலையில் ஐம்பது தடவை, சாயங்காலம் ஐம்பது தடவை. கிரிக்கெட்டையும் ஒரு ஆட்டம் மட்டும் ஆடவிட்டேன். அதில் அவர் பந்தை எடுத்து எறிந்தார், பந்து பலராமன் அண்ணன் தலைக்கு மேல் பனைமர உயரத்தில் பறந்து எல்லைக்கு வெளியே போனது. அணியே சிரித்தது. எனக்கு மட்டும் சந்தோஷம். புதுசு பழசைக் கெடுக்கிற அளவுக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். அத்தோடு கிரிக்கெட்டை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

டிசம்பரில் ஐம்பத்து மூன்று மீட்டர். அதற்கு மேல் ஒரு சாண் நகரவில்லை. ஜனவரி முழுக்க அதே ஐம்பத்து மூன்று. சரியாகத்தான் எறிகிறார், ஆனால் யோசித்து யோசித்து எறிகிறார், உடம்பில் சூடே இல்லை. நானும் அவரும் வீட்டில் பேசுவதே குறைந்தது. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நான் ஒரு அறையில் இருப்பேன், அவர் ஒரு அறையில் இருப்பார்.

பிப்ரவரி முதல் ஞாயிறு பலராமன் அண்ணன் மைதானத்துக்கு வந்தார். வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். தூரத்தில் நின்று, முத்துவேல் ஓடத் தொடங்கியதும், கிண்டலாக இரண்டு கையையும் தூக்கி ‘வா’ என்றார்.

ஈட்டி ஐம்பத்தாறு மீட்டர் போனது.

நான் அளந்த டேப்பை நம்பாமல் இன்னொரு தடவை அளந்தேன். ஒரு மாதமாக நகராத ஈட்டி ஒரு சத்தத்துக்கு மூன்று மீட்டர் நகர்ந்திருக்கிறது. அந்தக் குரலோடு பதினோரு வருட வேகமும் எழுந்து வந்திருக்கிறது என்று எனக்கு உடனே புரிந்தது. வேகம் மட்டுமா எழுந்து வரும் என்று கேட்டிருக்க வேண்டும். செல்போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது முழங்கை நாலு விரற்கடை இறங்கியிருந்ததும், ஊன்றிய இடது கால் பலராமன் அண்ணன் நின்ற திசைக்குத் திரும்பியிருந்ததும் தெரிந்தது. எனக்கு அது பயமாக இல்லை. அதற்கும் ஒரு வழி இருக்கிறது என்றுதான் தோன்றியது. படித்தவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருக்கும்.

அவரை நேர் நடுவில், எழுபத்தைந்து மீட்டர் தூரத்தில், ஈட்டி எட்டவே எட்டாத இடத்தில் நிற்க வைத்தேன். குரல் நேராகவும் தூரமாகவும் இருந்தால் எறியும் நேராகவும் உயரமாகவும் போகும் என்பது என் கணக்கு. கணக்கு பலித்தது. ஐம்பத்தாறரை, ஐம்பத்தேழு, ஒரு நாள் ஐம்பத்தெட்டேகால். பலராமன் அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் வேலை மெனக்கெட்டு வந்தார். அவர் மனைவி ஹேமலதா, வீட்டில் குழாய் ஒழுகுகிறது, இவர் ஊரான் ஈட்டிக்குக் கைதூக்கப் போகிறார் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

மார்ச் முதல் வாரம், மைதானத்தின் கோடியில் யாரோ பந்தல் சாமான் இறக்கி வைத்திருந்தார்கள். அதனால் பலராமன் அண்ணன் இடது ஓரமாக, கொஞ்சம் கிட்டத்தில் வந்து நின்றார். செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி வீடியோவை ஓடவிட்டு, நான் குனிந்து என் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. ‘வா’ என்ற சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது ஈட்டி உயரவே இல்லை. தாழ, வேகமாக, இடது பக்கமாகப் போய் அவருக்கு இரண்டு முழம் தள்ளி மண்ணில் குத்தி ஆடியது.

 பலராமன் அண்ணன்தான் முதலில் சிரித்தார். மிடில் ஸ்டம்ப் போயிருச்சிடா என்றார். முத்துவேலும் சிரித்தார், ஆனால் முழங்கையின் உள்பக்கத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி வீடியோவைப் பார்த்தேன். மூலையில் பலராமன் அண்ணன் சின்னதாகத் தெரிந்தார். ஈட்டி வருகிறது. அவர் விலகவில்லை. ஒரு அடி அதன் பக்கமாக எடுத்து வைத்திருந்தார். பயத்தில் கால் தடுமாறியிருக்கிறது, பாவம் மனுஷன் என்று நினைத்தேன். முத்துவேல் பார்த்தால் மனம் கலங்குவார் என்று அந்த வீடியோவை அழித்துவிட்டேன். இதை எழுதும்போது என் விரலை ஒடித்துப் போட வேண்டும் போலிருக்கிறது. எட்டு மாதம் முழுக்க ஒரு மனிதனின் பழக்கத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவள், எதிரே நின்ற மனிதனுக்கும் பதினோரு வருடப் பழக்கம் இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

தேர்வு நாள் மூன்றாவது ஞாயிறு. காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. உடற்கல்வி ஆசிரியர்களை இப்படிப்பட்ட தேர்வுகளுக்குப் பணிக்குப் போடுவார்கள். என்னை உயரம் தாண்டும் பகுதிக்குப் போட்டிருந்தார்கள், ஈட்டி எறியும் இடத்திலிருந்து முப்பது அடி தூரம்தான். ஈட்டிப் பகுதிக்குத் தலைமை நடுவர் விஜயராகவன் சார். கண்டிப்பானவர். விழுந்த ஈட்டியைப் பிடுங்கிக் கொண்டுவர ஆள் போதவில்லை, யாராவது தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள் என்று முந்தின நாள் அவர் கேட்டபோது, நான்தான் பலராமன் அண்ணன் பெயரைக் கொடுத்தேன். அவர் கண்ணெதிரே நின்றால் முத்துவேலுக்குத் தைரியமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எழுபத்தைந்து மீட்டரில் நிற்க வைக்கலாம் என்று பார்த்தால், அங்கே கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். ஈட்டி விழும் பகுதிக்குள் யாரும் நிற்கக் கூடாது. விஜயராகவன் சார் அவரை இடது கோட்டுக்கு வெளியே, நாற்பத்தைந்து மீட்டர் கொடிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். விதிப்படி அது சரியான இடம். முதல் வாரம் ஈட்டி பாய்ந்ததும் இதே இடது பக்கம்தான். நேரே போய்ப் பலராமன் அண்ணனிடம் சொன்னேன்.

“அண்ணே, இன்னிக்குக் கையத் தூக்க வேணாம். கொரலும் குடுக்க வேணாம். சும்மா நில்லுங்க, போதும்.”

“நீ சொல்லாம நான் வாயே தொறக்க மாட்டேன் தங்கச்சி” என்றார் அவர். அந்த வாக்கை அவர் காப்பாற்றினார். அதுதான் என்னால் தாங்க முடியாதது.

முதல் வாய்ப்பு ஐம்பத்தைந்து மீட்டர் நாற்பது. நல்ல எறி, ஒழுங்கான எறி. இரண்டாவது ஐம்பத்தேழு அறுபத்திரண்டு. விழுந்த இடத்தைப் பார்த்ததும் ஐம்பத்தெட்டு என்றே நினைத்தேன். டேப்பைப் படித்தவர் இரண்டாம் முறை சொன்னபோதுதான் காதில் ஏறியது. முப்பத்தெட்டு சென்டிமீட்டர் குறைகிறது. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்துப் பார்த்தால் அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும்.

முத்துவேல் மூன்றாவது வாய்ப்புக்கு ஈட்டியை எடுத்தார். முகத்தில் அந்த ஜனவரி மாதத்து யோசனை வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு அந்த முகம் தெரியும். அந்த முகத்தோடு எறிந்தால் ஐம்பத்து மூன்றுதான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 

நான் பலராமன் அண்ணனைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கையைத் தொங்கவிட்டபடி.

நாற்பதாம் பக்கம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. ஒரே மாதிரியான சைகைக்கு வேறு மாதிரியான அசைவு தேவைப்படும்போதுதான் பழசு மிகப் பலமாகத் திரும்பும் என்று எழுதியிருந்தேன். பதற்றத்தில் அது இன்னும் பலமாகத் திரும்பும் என்றும் எழுதியிருந்தேன். ஞாபகம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது. முப்பத்தெட்டு சென்டிமீட்டர் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. அந்த இடது ஓர எறிக்கு அப்புறமும் போன வாரம் நான்கு எறி நன்றாகத்தானே போனது என்று நினைத்தேன். பலராமன் அண்ணனைப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டினேன்.

முத்துவேல் ஓடத் தொடங்கினார். பலராமன் அண்ணன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். ‘வா’ என்ற குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

அடுத்து நடந்தது இரண்டு வினாடி. அந்த இரண்டு வினாடியை நான் ஆயிரம் தடவை பார்த்துவிட்டேன். எறியும் முன் காலைக் குறுக்கே மாற்றி எடுத்து வைக்க வேண்டிய கடைசி அடிகள் மறைந்துபோயின. அங்கே ஓடியது ஈட்டிக்காரன் இல்லை, பந்தைப் பொறுக்கிய கவர் ஃபீல்டர். இடது கால் குரல் வந்த பக்கம் திரும்பி ஊன்றியது. முழங்கை மடங்கி, இறங்கி, பக்கவாட்டில் சுற்றியது. எட்டு மாதப் பூச்சு மொத்தமாக உரிந்து விழுந்தது. அவர் வாழ்நாளிலேயே அவ்வளவு வேகமாக எதையும் எறிந்திருக்க மாட்டார்.

ஈட்டி தாழப் போனது. “ஈட்டி, ஈட்டி” என்று நடுவர்கள் கத்தினார்கள். கொடிக்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு நடுவர் டேப்பைப் போட்டுவிட்டு ஓடினார். பலராமன் அண்ணனுக்கும் ஓட நேரம் இருந்தது. இரண்டடி விலகியிருந்தால் போதும்.

அவர் விலகவில்லை. வலது பக்கமாகச் சட்டென்று இரண்டு அடி எடுத்து வைத்தார். ஈட்டி வரும் கோட்டுக்கு நேரே வந்தார். முழங்காலை லேசாக மடக்கி, குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நெஞ்சுக்கு முன்னால் நீட்டினார். நேரே முகத்துக்கு வருகிற ஈட்டி ஈட்டியாகத் தெரியாது. அதன் நீளம் மறைந்துவிடும், ஒரு புள்ளிதான் தெரியும். உருண்டையாக, கறுப்பாக, தூரத்திலிருந்து வரும் பந்து எப்படித் தெரியுமோ அப்படி. பதினோரு வருடமாக அவர் அந்தப் புள்ளிக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறார். முதல் வாரம் எடுத்து வைத்த அந்த ஒரு அடி தடுமாற்றம் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் கத்தினேனா என்று தெரியவில்லை.

ஈட்டி அவர் வலது உள்ளங்கை வழியாகப் போய்த் தோளுக்குக் கீழே இறங்கியது. அவர் விழவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துவேல் எறிந்த இடத்திலிருந்து அசையவே இல்லை. எறிந்த கை முன்னால் நீண்டபடியே இருந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை என்று மறுநாள் சொன்னார்கள். நுரையீரலுக்கு ஒரு விரல் தள்ளிப் போயிருக்கிறது. கைக்கு இரண்டு அறுவை சிகிச்சை செய்தார்கள். நடுவிரலும் மோதிர விரலும் இனி மடங்காது. லேத் மெஷினில் அந்தக் கையை வைத்துக்கொண்டு நிற்க முடியாது என்று டாக்டர் ஹேமலதாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.  குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சிரித்தவள் அவள்.

தடை ஏற்பட்ட எறிக்குப் பதில் இன்னொரு எறி தரலாம் என்று விதி இருக்கிறது. விஜயராகவன் சார் ஒரு வாரம் கழித்துத் தனியாகக் கூப்பிட்டு அதைச் சொன்னார். முத்துவேல் வேண்டாம் என்றார். ஏப்ரலில் அவருக்கு முப்பது முடிந்தது. அவர் இப்போது கையால் எதையும் எறிவதில்லை. கசங்கிய காகிதத்தைக்கூட எழுந்து போய்க் குப்பைக் கூடையில் வைத்துவிட்டு வருகிறார். நான் தலையை ஆட்டியதை அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. 

விபத்து விசாரணையில் குரல் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். பலராமன் அண்ணன், ‘நானாகத்தான் கத்தினேன்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைக் கேட்டதும் மருத்துவமனைக்கு ஓடினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் உங்கள் பெயரைக் கொடுத்தேன், நான்தான் தலையை ஆட்டினேன், இப்படி ஆகலாம் என்று எனக்குத் தெரியும், தெரிந்தே ஆட்டினேன் என்று சொன்னேன். 

அவர் முழுசாகக் கேட்டார். என்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னார் என்றால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அப்படி இல்லை. நிஜமாகவே அவருக்கு வேறு ஒரு வருத்தம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார் போலிருக்கிறது.

“அவன் எறிஞ்சது சரியாத்தான் வந்துச்சி தங்கச்சி. நெஞ்சுக்கு நேரா வந்துச்சி. நான்தான் சரியாப் புடிக்கல.”

சொல்லும்போதே, கட்டுப் போட்ட அந்தக் கை போர்வையை விட்டு மெல்ல எழுந்து நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது.